நேர்முகத் தேர்வு அழைப்புக்கு வருகையை உறுதிசெய்யும் பதில்: சொல்லும் மரியாதையும் திருத்தி

கேள்வி: ஒரு தமிழ்ப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் எழுதிய பதிலில் சொற்களும் மரியாதையும் சரியாக இருக்கின்றனவா? திருத்தித் தர முடியுமா?

வந்த அழைப்பு: "வணக்கம். மெய்ப்புத் திருத்துநர் பணிக்குத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. நேர்முகத் தேர்வு 18.06.2026, வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு எங்கள் அலுவலகத்தில் நடைபெறும். அரை மணி நேர மெய்ப்புத் திருத்தத் தேர்வும் உண்டு. அசல் சான்றிதழ்களுடன் வரவும். வருகையை 15.06.2026 மாலைக்குள் உறுதிசெய்யவும். மேலாளர், நிர்வாகப் பிரிவு."

என் பதில்: "மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். நான் நலம். அதுபோல் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். தங்களால் எனக்கு அனுப்பப்பட்ட மெய்ப்பு திருத்துனர் நேர்முக தேர்வு அழைப்பு கடிதம் கிடைக்க பெற்றேன். இந்த பொன்னான வாய்ப்பை வழங்கிய உங்களுக்கு எனது கோடான கோடி நன்றிகள். நீங்கள் கூறிய தேதியில் கண்டிப்பாக வந்து கலந்துக் கொள்ள முயற்சி செய்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும். தங்கள் உண்மையுள்ள…"

பதில்:

சொற்களைத் தொடுவதற்கு முன் அழைப்பை இன்னொரு முறை படியுங்கள். 18.06.2026 வெள்ளிக்கிழமை அல்ல, வியாழக்கிழமை. தேதியைத் தட்டியவர் கிழமையைத் தவறாகப் போட்டிருக்கலாம். அல்லது வெள்ளிக்கிழமை என்று முடிவெடுத்துவிட்டு 19க்குப் பதில் 18 என்று அடித்திருக்கலாம். இரண்டில் எது என்று உங்களால் ஊகிக்க முடியாது. "நீங்கள் கூறிய தேதியில் வருகிறேன்" என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்தக் குழப்பம் அப்படியே மூடி மறைந்துவிடுகிறது. அவர் மனத்தில் ஒரு நாள், உங்கள் மனத்தில் வேறொரு நாள். இரண்டு பேரும் உறுதியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

உறுதிசெய்யும் கடிதத்தில் நாள், கிழமை, நேரம், இடம் ஆகியவற்றைத் திரும்ப எழுதுவது இதற்காகத்தான். பார்வைக்கு அது சொன்னதையே சொல்வது போல இருக்கும். ஆனால் அழைத்தவர் தன் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரே வரி அதுதான். எல்லாம் பொருந்தியிருந்தால் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பொருந்தவில்லை என்றால் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். அதுவும் உங்களை அழைத்திருப்பது பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு. இதைக் கவனித்து, நாகரிகமாகக் கேட்டால் நல்லதாகவே போகும்.

திருத்திய வடிவம் இது:

> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம்.
>
> மெய்ப்புத் திருத்துநர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்குத் தாங்கள் அனுப்பிய அழைப்பு கிடைத்தது. நன்றி. நேர்முகத் தேர்விலும் அன்று நடைபெறும் மெய்ப்புத் திருத்தத் தேர்விலும் கலந்துகொள்வதை உறுதிசெய்கிறேன்.
>
> நாள் குறித்து ஒரு விளக்கம் வேண்டுகிறேன். அழைப்பில் 18.06.2026, வெள்ளிக்கிழமை என உள்ளது. நாட்காட்டியில் 18ஆம் தேதி வியாழக்கிழமையாக இருக்கிறது. நான் வர வேண்டியது 18, வியாழக்கிழமையா அல்லது 19, வெள்ளிக்கிழமையா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன். எந்த நாளானாலும் காலை 10.30 மணிக்குத் தங்கள் அலுவலகத்தில் இருப்பேன்.
>
> அசல் சான்றிதழ்களைக் கொண்டுவருகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர்)
> கைப்பேசி: (எண்)

இனி, எதை ஏன் மாற்றினேன் என்று சொல்கிறேன்.

முதல் வரி. மின்னஞ்சலைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். திறப்பதற்கு முன்பே முதல் வரியின் ஒரு துண்டு பட்டியலில் தெரியும். உங்கள் கடிதத்தில் அங்கே தெரிவது "மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா… நான் நலம்". வருகிறாரா இல்லையா என்பது கடைசிக்கு முந்தைய வரியில் ஒளிந்திருக்கிறது. நலம் விசாரிப்பது சொந்தக்காரருக்கும் நண்பருக்கும் எழுதும் கடிதத்தின் வழக்கம். பள்ளியில் நமக்கு முதலில் சொல்லித்தந்த கடிதம் அது என்பதால் கை தானாக அதை எழுதிவிடுகிறது. முன்பின் தெரியாத அலுவலரின் குடும்பத்தை இழுப்பது அலுவலகக் கடிதத்தில் மரியாதையாகத் தோன்றாது, கொஞ்சம் நெருங்கிப் பேசுவது போல இருக்கும். "வணக்கம்" என்ற ஒரு சொல்லில் நலம் விசாரிப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. அதற்கு அடுத்த வரியில் பணியின் பெயர், அதற்கு அடுத்ததில் "உறுதிசெய்கிறேன்". ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பணிகளுக்கு ஆள் எடுக்கிற இடத்தில், எந்தப் பணி என்று சொல்லாத கடிதம் வந்தால் அவர் பழைய மின்னஞ்சலைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

விளிப்பு. அழைப்பின் கீழே பெயர் இல்லை, பதவி மட்டும் இருக்கிறது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது உங்களுக்குத் தெரியாது. "ஐயா" என்று தொடங்கி, அவர் பெண்ணாக இருந்தால் முதல் சொல்லிலேயே சறுக்கல். "ஐயா/அம்மையீர்" என்று சாய்கோடு போட்டு எழுதும் பழக்கம் உண்டு. பிழையில்லை, ஆனால் அச்சடித்த படிவத்தின் சாயல் வந்துவிடும். தெரிந்த பதவியைச் சொல்லி அழைத்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. பெயர் தெரிந்திருந்தால், அவர் தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே, முன்னெழுத்தோடு எழுதி "அவர்களுக்கு" சேர்த்தால் போதும்.

"மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய" என்பதில் இரண்டு சொல்லும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று போதும். "மாண்புமிகு", "உயர்திரு" எல்லாம் வேண்டாம். முன்னது அமைச்சர், நீதிபதி போன்ற பதவிகளுக்குரியது. பின்னது பழைய விண்ணப்பங்களில் இருந்தது. இன்று தனியார் அலுவலகத்துக்கு எழுதும்போது காலம் கடந்ததாகத் தெரியும்.

"கண்டிப்பாக வந்து கலந்துக் கொள்ள முயற்சி செய்கிறேன்". கடிதத்திலேயே ஆபத்தான வரி இதுதான். "கண்டிப்பாக" ஒரு பக்கம் இழுக்கிறது, "முயற்சி செய்கிறேன்" மறுபக்கம் இழுக்கிறது. பேச்சில் நாம் பணிவுக்காக "வர்றதுக்குப் பார்க்கிறேங்க" என்போம். கேட்பவருக்கும் அது வருகிறேன் என்றே புரியும். எழுத்தில் அந்தக் குரல் போய்விடுகிறது, "வராமலும் போகலாம்" என்ற பொருள் மட்டும் நிற்கிறது. வருபவர்களை எண்ணி நேரம் ஒதுக்குகிறவர் உங்கள் பெயருக்கு எதிரே கேள்விக்குறி போடுவார். அந்த 10.30 மணி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடும்.

"கலந்துகொள்வதை உறுதிசெய்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் அழைப்பில் "உறுதிசெய்யவும்" என்று கேட்டிருக்கிறார்கள். அதே சொல் பதிலிலும் வந்தால் கேட்டது கிடைத்துவிட்டது என்று கண்ணில் பட்டவுடன் தெரியும். "கண்டிப்பாக", "நிச்சயமாக", "தவறாமல்" ஆகிய மூன்றும் இப்போது தேவையில்லை. உறுதிசெய்கிறேன் என்ற பிறகு அவற்றுக்கு வேலை கிடையாது. "வருவேன் என நம்புகிறேன்", "வர இயலும் என்று நினைக்கிறேன்" போன்றவையும் இதே வகைச் சேதம்தான்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நேரத்தை எழுதும்போது "10.30 மணியளவில்" என்று எழுதாதீர்கள். அளவில் என்றால் ஏறக்குறைய என்று பொருள். திருமண அழைப்பிதழிலும் செய்தித்தாளிலும் அது பொருந்தும், இங்கே "10.30 மணிக்கு" என்பதுதான் சரி. "வரும் வியாழன்", "அடுத்த வெள்ளி" என்பவையும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அனுப்பி, திங்கட்கிழமை திறந்து படித்தால் "வரும் வியாழன்" எது, "அடுத்த வியாழன்" எது என்பதில் ஆளுக்கொரு கணக்கு.

நன்றி. "பொன்னான வாய்ப்பு", "கோடான கோடி நன்றிகள்" இரண்டையும் எடுத்துவிட்டேன். அவர்கள் தந்திருப்பது வேலை அல்ல, நேரில் உட்கார்ந்து பேச ஒரு அழைப்பு. அதற்குக் கோடி நன்றி சொன்னால், வேலையே கிடைக்கும்போது சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? அளவு மீறிய நன்றி பணிவாகப் படாது, கெஞ்சுவது போலப் படும். "நன்றி" என்று தனியாக நின்றாலே போதுமான மரியாதை. "நன்றிகள்" என்ற பன்மை இன்று எங்கும் புழங்குகிறது என்றாலும், மொழி பார்க்கிற பதிப்பகத்தில் அதற்குக் கீழே பென்சில் கோடு விழ வாய்ப்புண்டு. "நன்றி" என்பதற்கு எந்தக் கோடும் விழாது.

தாங்களும் நீங்களும். உங்கள் கடிதத்தில் "தாங்களும்", "தங்களால்" என்று தொடங்கி, நடுவில் "உங்களுக்கு", "நீங்கள்" என்று இறங்கி, முடிவில் மறுபடி "தங்கள்" என்று ஏறியிருக்கிறது. "நீங்கள்" மரியாதைக் குறைவு அல்ல. முழுக் கடிதத்தையும் அதிலேயே எழுதியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். கலப்பதுதான் உறுத்துகிறது. அழைப்பில் அவர்கள் "தாங்கள்" என்று எழுதியிருப்பதால் நீங்களும் அதே தளத்தில் நில்லுங்கள். நிறுவனம் "நீங்கள்" என்று எழுதியிருந்தால் நீங்களும் அப்படியே எழுதலாம்.

"தங்களால் எனக்கு அனுப்பப்பட்ட கடிதம்" என்பது "தாங்கள் அனுப்பிய அழைப்பு" ஆகிவிட்டது. அனுப்பியவர் இன்னார் என்று தெரிந்திருக்கும்போது "-ஆல்… -பட்ட" என்று சுற்றுவது வாக்கியத்தை நீட்டுகிறதே தவிர மரியாதையைக் கூட்டுவதில்லை. அழைப்பில் "விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது" என்று அவர்கள் எழுதியது வேறு. அங்கே பரிசீலித்தவர் யார் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "கிடைக்கப் பெற்றேன்" பழைய அலுவலக நடை, பிழையில்லை. "கிடைத்தது" எளிது.

ஒற்று. வேறு வேலையாக இருந்தால் இதைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். மெய்ப்புத் திருத்துபவருக்கு இந்த மின்னஞ்சலே முதல் தேர்வு. உங்கள் கடிதத்தில் ஒற்று விடுபட்ட இடங்கள் ஐந்து, தேவையில்லாமல் போட்ட இடம் ஒன்று.

நேர்முகம் என்பதோடு தேர்வு சேரும்போது ம் கெட்டு த் தோன்றும்: நேர்முகத் தேர்வு. "மெய்ப்பு", "அழைப்பு" இரண்டும் வல்லின மெய்யை அடுத்து உகரத்தில் முடிகிற சொற்கள், அதாவது வன்தொடர்க் குற்றியலுகரம். அவற்றோடு க, ச, த, ப வரிசைச் சொல் சேர்ந்து ஒரே பெயராக நிற்கும்போது ஒற்று மிகும்: மெய்ப்புத் திருத்துநர், அழைப்புக் கடிதம். ஆனால் அதே "அழைப்பு" எழுவாயாக நின்று வினை தொடர்ந்தால் மிகாது: அழைப்பு கிடைத்தது. திருத்திய வடிவத்தில் நான் அங்கே க் போடாததை விடுபட்டதாக நினைத்துச் சேர்த்துவிடாதீர்கள். "இந்த" என்ற சுட்டுக்குப் பின் மிகும்: இந்தப் பொன்னான. (அந்தத் தொடரே போய்விட்டது என்றாலும் விதி நினைவில் இருக்கட்டும்.) "கிடைக்க" போன்ற எச்சத்துக்குப் பின்னும் மிகும்: கிடைக்கப் பெற்றேன்.

தேவையில்லாமல் போட்டது "கலந்துக் கொள்ள". இதைப் படித்தவர்களும் சரளமாகச் செய்கிறார்கள். "தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதில் க் வருகிறதே, இங்கேயும் வரட்டும் என்று காது சொல்கிறது. வேறுபாடு முன்னால் உள்ள மெய்யில் இருக்கிறது. தெரிவித்து என்பதில் "த்து" வல்லினம், அதனால் மிகும். கலந்து என்பதில் "ந்து" மெல்லினம், அதனால் மிகாது. கலந்துகொள்கிறேன், தெரிந்துகொண்டேன், வந்துகொண்டிருக்கிறேன் எல்லாம் இந்த வகை. பிரித்து எழுதுவதா சேர்த்து எழுதுவதா என்பதில் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் நடை மாறும். ஒற்று மட்டும் மாறாது.

அடுத்தது "திருத்துனர்". சரியான வடிவம் திருத்துநர். பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர், நடத்துநர் எல்லாவற்றிலும் வருவது அதே "-நர்" விகுதிதான். அழைப்பில் அவர்கள் "திருத்துநர்" என்று சரியாக எழுதியிருக்க, பதிலில் விண்ணப்பிக்கிற பணியின் பெயரையே வேறாக எழுதியிருப்பது முதலில் கண்ணில் படும். பணியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நினைவிலிருந்து தட்டாதீர்கள். அழைப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

கிழமைகளிலும் ஒரு கண் வையுங்கள். "வியாழன் கிழமை", "வெள்ளி கிழமை" பேச்சு வழக்கு. எழுதும்போது வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை. "18ம் தேதி" என்பதையும் "18ஆம் தேதி" என்று எழுதுவது நல்லது.

சம்பளக் கேள்வி. அதை எடுத்துவிட்டேன். கேட்கக் கூடாத கேள்வி என்பதால் அல்ல. அழைப்பில் சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. மின்னஞ்சலைப் பார்க்கிற நிர்வாகப் பிரிவினர் அதைச் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார்கள், அதைப் பேசும் இடம் நேர்முகத் தேர்வுதான். வெளியூரிலிருந்து நிறையச் செலவு செய்து வருகிறீர்கள், சம்பளம் தெரியாமல் கிளம்ப முடியாது என்ற நிலை இருந்தால், உறுதிசெய்வதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே சம்பளமும் கேட்டால், பதிலைப் பொறுத்துத்தான் வருவார் போலிருக்கிறது என்று படிக்கப்படும்.

உறுதிசெய்யும் பதிலில் வைக்கத் தகுந்தது, நீங்கள் சரியான இடத்தில் சரியான நேரத்தில் தயாராக இருப்பதற்குத் தேவையான கேள்வி மட்டுமே. உங்களுக்கு நாள் பற்றிய கேள்வி இருக்கிறது. மெய்ப்புத் திருத்தத் தேர்வு தாளிலா, கணினியிலா என்பதும் நியாயமான கேள்விதான். கணினியில் என்றால் எந்தத் தமிழ் விசைப்பலகை என்று தெரிந்துகொள்வது உதவும். ஆனாலும் அதை இதில் சேர்க்கவில்லை. ஒரு மின்னஞ்சலில் இரண்டு கேள்வி இருந்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் வருவது வாடிக்கை, இங்கே தவறக் கூடாதது நாள். நாளுக்குப் பதில் வந்ததும் நீங்கள் அனுப்பப்போகும் சிறு மறுமொழியில் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

நாள் பற்றிய கேள்வியின் சொற்களையும் கவனியுங்கள். "தங்கள் அழைப்பில் தவறு உள்ளது" என்று எழுதவில்லை. அழைப்பில் இருப்பதைச் சொல்லி, நாட்காட்டியில் இருப்பதைச் சொல்லி, எது என்று கேட்டிருக்கிறது. கூடவே "எந்த நாளானாலும் இருப்பேன்" என்று வருகையைக் கேள்வியிலிருந்து பிரித்து வைத்தாயிற்று. அவர் பதில் போடத் தாமதித்தாலும் உங்கள் வருகை உறுதியானதாகவே பதிவாகும். வெள்ளிக்கிழமை உங்களால் முடியாது என்றால் அந்த வரியை எழுதாதீர்கள். "18, வியாழக்கிழமை என்றால் வருகிறேன், 19, வெள்ளிக்கிழமை என்றால் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு இயலுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

முடிவும் பெயரும். "தங்கள் உண்மையுள்ள" விண்ணப்பங்களில் இன்றும் இருக்கிறது. வைத்துக்கொண்டாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. "இப்படிக்கு" குறுகலானது, எல்லாருக்கும் பொருந்தும். அதன் கீழே எழுதும் பெயர் விண்ணப்பத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். சான்றிதழில் ஆங்கில முன்னெழுத்து, விண்ணப்பத்தில் தமிழ் முன்னெழுத்து, மின்னஞ்சல் கணக்கில் முன்னெழுத்தே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால், பட்டியலில் உங்களைத் தேடுகிறவர் வேறு ஆளோ என்று தயங்குவார். கைப்பேசி எண்ணைக் கட்டாயம் போடுங்கள். கடைசி நேரத்தில் நேரம் மாறினால் அவர்கள் முதலில் கூப்பிடுவார்கள், அப்புறம்தான் மின்னஞ்சல்.

அனுப்பும் முறை. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கே `Reply` கொடுங்கள், புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம். தலைப்பில் `Re:` சேர்ந்து வரும், அதை மாற்றாதீர்கள். அழைப்பும் பதிலும் ஒரே இழையில் இருந்தால்தான் அவருக்குத் தேடும் வேலை மிச்சம். அழைப்பில் வேறு முகவரிகளும் நகலில் இருந்தால், பெரும்பாலும் அது நேர்காணல் செய்யப்போகிற ஆசிரியராகவோ பிரிவுத் தலைவராகவோ இருக்கும், `Reply all` கொடுங்கள். ஆனால் உங்களைப் போன்ற பிற விண்ணப்பதாரர்களின் முகவரிகளும் தெரிகிற மாதிரி ஒரே மின்னஞ்சலை எல்லாருக்கும் அனுப்பியிருந்தால், அனுப்பியவருக்கு மட்டும் பதில் போடுங்கள்.

பதில் பெறாத முகவரியிலிருந்து அழைப்பு வந்து, தனியாக எழுத வேண்டியிருந்தால் மட்டும் தலைப்பை நீங்கள் வைக்கலாம்: "மெய்ப்புத் திருத்துநர் நேர்முகத் தேர்வு, 18.06.2026: வருகை உறுதி, (பெயர்)".

தமிழில் அனுப்புவதால் எழுத்துருவையும் பார்க்க வேண்டும். அச்சு வேலை பழகியவர்கள் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிறார்கள். அதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் "வணக்கம்" என்பது `tzf;fk;` என்று தெரியும். ஒருங்குறியில் தட்டுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் உங்களுக்கே அனுப்பி, கைப்பேசியில் திறந்து பாருங்கள். தமிழ் சரியாகத் தெரிய வேண்டும் என்று கடிதத்தைப் படமாக எடுத்து இணைப்பதும் வேண்டாம். படத்திலிருந்து எளிதாக நகலெடுக்கவோ தேடவோ முடியாது. சான்றிதழ் நகல்களையும் இணைக்காதீர்கள். அவர்கள் கேட்டது அசலை நேரில் கொண்டுவரச் சொல்லித்தான்.

எப்போது அனுப்புவது? கெடு 15.06.2026, அது திங்கட்கிழமை. அதுவரை காத்திருந்தால் நாள் பற்றிய பதில் வர இரண்டு நாள்தான் மிஞ்சும், எனவே இன்றே அனுப்பிவிடுங்கள். பதில் வந்ததும் அதே இழையில் ஒரு வரி போதும்: "விளக்கத்துக்கு நன்றி. 18.06.2026, வியாழக்கிழமை காலை 10.30 மணிக்கு வருகிறேன்." 16ஆம் தேதி நண்பகல் வரை பதில் இல்லை என்றால் அலுவலக நேரத்தில் தொலைபேசியில் கேளுங்கள். பேசியவர் சொன்ன நாளை அதே இழையில் எழுதி அனுப்பிவிடுங்கள்: "இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி 18.06.2026, வியாழக்கிழமை காலை 10.30 மணிக்கு வருகிறேன்." பேச்சு மறந்துபோகும், எழுத்து இழையில் இருக்கும். தொலைபேசியிலும் யாரும் கிடைக்கவில்லை என்றால் 18ஆம் தேதியே போய்விடுங்கள். தேர்வு 19 என்றால் மறுநாள் மறுபடி வரலாம். 18 என்றால் 19 அன்று போய்ப் பயனில்லை.